எழுத்து போடும் நேரம்: தமிழ்த் திரைப்பட முகப்பும் அதன் இசையும்

திரைப்படம் தொடங்கியதும் திரையில் பெயர்கள் தோன்றுவதை நம் முன்னோர் ‘எழுத்து போடுதல்’ என்றனர். கொட்டகைக்குள் தாமதமாக நுழைபவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் முதலில் கேட்பது, “எழுத்து போட்டாச்சா?” என்பதே. எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் கதை தவறவில்லை என்று பொருள். இன்றைய மாணவர்க்கு இக்கேள்வி விளங்காது. பல படங்களில் நடிகர் பெயரும் படத்தின் பெயரும் சில நொடிகளில் தோன்றி மறைகின்றன. சிலவற்றில் கதை வெகுதூரம் நகர்ந்த பின்னரே தலைப்பு வருகிறது. இரண்டு, மூன்று நிமிடம் நீண்ட முகப்பு இவ்வாறு சுருங்கியது ஏன், அதற்குரிய இசை எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மக்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதே மக்கள் படத்திற்கு முன் வரும் விளம்பரங்களை இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆதலால் பொறுமையை மட்டும் காரணமாக்குவது போதாது. முகப்பு ஒரு காலத்தில் எந்தெந்த வேலைகளைச் செய்தது, அவ்வேலைகள் பின்னர் எங்கே இடம் மாறின என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

முகப்பு செய்த மூன்று வேலைகள்

நன்னூல் படித்த மாணவர் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணத்தை அறிவர். நூலை ஆக்கியவர் யார், நூலின் பெயர் என்ன, அது சொல்லும் பொருள் எது, கேட்போர் யாவர் என எட்டுச் செய்திகளை அது தர வேண்டும். திரைப்பட முகப்பின் முதல் வேலையும் இதுவே: ஆக்கியோர் பெயரையும் ஆக்கத்தின் பெயரையும் அறிவித்தல். படநிறுவனத்தின் சின்னமும் இதனுள் அடங்கும். ஜெமினி நிறுவனத்தின் கொம்பூதும் இரட்டைச் சிறுவரைக் கண்டவுடன் அது எஸ். எஸ். வாசனின் படம் என்று மக்கள் அறிந்தனர். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தயாரித்த எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில், ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியை ஏந்தி நின்றனர். படத்தின் பொருள் இன்னது, கேட்போர் இன்னார் என்பதைக் கதை தொடங்குமுன் அச்சின்னமே உணர்த்தியது.

இரண்டாவது வேலை, கூட்டத்தை அழைத்து அமர வைத்தல். இதனை விளங்கிக்கொள்ளக் கெடாவின் தோட்டங்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில் திரையரங்குகள் இருந்தன. தோட்டங்களிலோ, திருவிழா இரவிலும் சிறப்பு நாள்களிலும், திடலில் வெள்ளைத் துணி கட்டி 16 மில்லிமீட்டர் படச்சுருளை ஓட்டுவது வழக்கமாயிருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் திரைப்பட வண்டிகளும் தோட்டங்களைச் சுற்றி வந்தன. 1946இல் நிறுவப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களுக்குத் தமிழிலும் விளக்கவுரை அமைந்தது.

திடலில் இருக்கை எண் கிடையாது. மணி அடித்துக் கதவைச் சாத்துவதும் கிடையாது. பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர வேண்டும். ஒலிபெருக்கியில் முகப்பிசை எழுந்தால், இன்னும் வீட்டில் இருப்பவருக்கு அதுவே அழைப்பு. பெயர்கள் ஓடும் நேரத்தில் அவர் நடந்து வந்து இடம் பிடித்துவிடலாம். கதையில் ஒன்றும் இழப்பில்லை. பட்டணத்துக் கொட்டகையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. நுழைவுச்சீட்டு வாங்கி, இருளில் தடவி, இருக்கை கண்டு அமர்வதற்குள் எழுத்து ஓடி முடிந்திருக்கும்.

மூன்றாவது வேலை செவியைப் பழக்குதல். வரப்போவது புராணமா, குடும்பக் கதையா, மர்மக் கதையா என்பதை முதற்காட்சிக்கு முன்னரே செவிக்குச் சொல்லிவிடுவது முகப்பிசை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையையும் கதைமாந்தரையும் அறிமுகம் செய்கிறான். மேடை நாடகம் கடவுள் வாழ்த்தோடு தொடங்கியது. அவ்வழியில் வந்த தமிழ்ப்படம், பாட்டும் இசையும் முன்னே வரத் தொடங்கியதில் வியப்பில்லை.

அளவு கணக்கு

திரைக்கென எடுக்கப்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். நொடிக்கு 24 சட்டகங்கள். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் வரும். மூன்று நிமிட முகப்பு என்றால் 270 அடி, அதாவது முதற்சுருளில் கால்பங்குக்கும் மேல். பெயர்களை ஓவியர் பலகையில் எழுத, அவற்றை ஒவ்வொன்றாகப் படம்பிடித்தனர். ஓடும் காட்சியின்மேல் எழுத்தைப் பதிக்க வேண்டுமாயின், இரண்டு படச்சுருள்களை ஒன்றாக்கி மறுபடி எடுக்கும் தனிவேலை தேவைப்பட்டது. அசையாத ஓவியத்தின்மேல் எழுத்து தோன்றும் பழைய முகப்புகள் பல இருப்பதற்கு அது எளிய வழி என்பதே காரணம்.

கணினி வந்த பின்னர் எழுத்துப் பதிப்பது எளிதாயிற்று. வெளியீட்டிற்குச் சில நாள்முன்கூடப் பெயரைத் திருத்தலாம். ஆகவே செலவைக் குறைக்க முகப்பு சுருங்கியது என்பதும் பொருந்தாது. அது செலவு மிகுந்த காலத்தில் நீண்டும், செலவு குறைந்த காலத்தில் சுருங்கியும் காணப்படுகிறது.

இசை அமையும் முறை

தமிழ்ப்படத்தில் பாடல்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்னரே பதிவாகிவிடும். முகப்பிசை அவ்வாறன்று. படத்தொகுப்பு முடிந்த பின், பின்னணி இசை சேர்க்கும் கட்டத்தில்தான் அது பிறக்கும். திரையுலகில் இதனை ரீரிக்கார்டிங் என்பர். இசையமைப்பாளர் சுருள் சுருளாகப் படத்தைப் பார்த்து, எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். இளையராஜா போன்றோர் படத்தைப் பார்த்தபின் நேரடியாக இசைக்குறியீட்டில் எழுதி, வாத்தியக் குழுவினருக்குப் பகிர்ந்தளித்துவிடுவர்.

ஒரு கணக்கை மாதிரிக்காகச் செய்து பார்ப்போம். முகப்பு 90 நொடி என்று கொள்வோம். நிமிடத்திற்கு 96 தட்டு என்னும் வேகத்தை எடுத்துக்கொண்டால், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சரியாக 5 நொடி வரும். 90 நொடிக்கு 18 ஆவர்த்தனம். முதல் 3 ஆவர்த்தனம் முன்னிசை. அதில் எழுத்து இல்லை. 15ஆம் நொடியில் முழு வாத்தியக் குழுவும் சேர, படத்தின் பெயர் தோன்றி 2 ஆவர்த்தனம் நிற்கும். அடுத்த 11 ஆவர்த்தனத்தில் நடிகர், பாடலாசிரியர், ஒளிப்பதிவாளர் முதலியோருக்கு ஆளுக்கொரு ஆவர்த்தனமாக 11 அட்டைகள். இறுதி 2 ஆவர்த்தனம் இயக்குநர் பெயருக்கு. அங்கே மெட்டு தன் ஆதார சுரத்தில் வந்து அமரும். கணக்குப் பிசகாவிட்டால் எழுத்து மாறும் இடமும் தாளத்தின் தொடக்கமும் ஒன்றுபடும். பார்ப்பவர் அதனைத் தனியாகக் கவனிக்கமாட்டார். எல்லாம் இயல்பாக நடப்பதாகவே உணர்வார்.

பிழை நேரும் இடமும் இதே கணக்கில் தெரியும். இசை பதிவான பிறகு, முகப்பு நீளம் என்று கருதி 8 நொடியை வெட்டிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நொடி என்பது ஒன்றரை ஆவர்த்தனத்திற்குச் சற்று மிகுதி. எழுத்து மாறும் இடங்கள் அதன்பின் தாளத்தோடு ஒட்டா. இயக்குநர் பெயர் வரும்போது மெட்டு இன்னும் நடுவழியில் நிற்கும்; வேறு வழியின்றி ஒலியைத் தேய்த்து அடக்கிவிடுவார்கள். இரண்டு அட்டைகளை முழுதாக நீக்கி 10 நொடி குறைத்திருந்தால், இரண்டு ஆவர்த்தனத்தை எடுத்துவிட்டு இசையை ஒட்டியிருக்கலாம். எந்தப் படத்திலும் முகப்பின் கடைசி ஐந்து நொடியைக் கவனித்துக் கேட்டால் இது புலப்படும். மெட்டு தானே முடிந்தால், பெரும்பாலும் அது அந்த நீளத்திற்கென்றே எழுதப்பட்டது. பாதியில் தேய்ந்து மறைந்தால், வேறு நீளத்திற்கு எழுதியதோ வேறு இடத்திலிருந்து எடுத்ததோ ஆகலாம். சிலர் வேண்டுமென்றே தேய்த்து முடிப்பதும் உண்டாகையால், இதனை முதல் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும்.

எந்த இசையைத் தெரிவது?

முகப்பிசைக்கு மூன்று வழிகள் பெரிதும் வழக்கில் இருந்தன. முதலாவது, படத்திலுள்ள பாடல்களின் மெட்டுகளை வாத்தியத்தில் கோத்துத் தருவது. பாடல்கள் முன்னரே பதிவாகிவிடுவதால் இவ்வழி எளிது. கேட்பவர்க்கும், பின்னர் வரும் பாடல் ஏற்கெனவே பழகியதாகத் தோன்றும். இதன் குறை, மெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கதம்பமாகிவிடுவது. இரண்டாவது, முகப்பிலேயே குரலோடு கூடிய முழுப்பாடல் வைப்பது. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படம் இளையராஜாவே பாடிய பாடலோடு தொடங்குவது பலரும் அறிந்தது. இவ்வழியில் பாடலின் சொற்களும் திரையில் எழுத்தும் ஒரே நேரத்தில் கவனத்தைக் கேட்கும். செவி சொல்லைப் பின்பற்றினால் கண் பெயரைத் தவறவிடும்.

மூன்றாவது, கதையின் உள்ளத்தைக் காட்டும் ஒரு சிறு மெட்டை அமைத்து, முன்பகுதியிலேயே செவியில் விதைத்து, பின்னர் வேண்டிய இடத்தில் மீட்பது. 1991இல் மணிரத்னம் இயக்கிய ‘தளபதி’ இதற்குத் தக்க சான்று. இளம்பெண் ஒருத்தி பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுச் செல்லும் முன்கதை கறுப்பு வெள்ளையில் வருகிறது. எஸ். ஜானகி பாடிய தாய்ப்பாடலின் மெட்டு படம் நெடுகத் தாயும் மகனும் நெருங்கும் தருணங்களில் திரும்ப எழுகிறது. இருவரும் ஒருவரையொருவர் அறியாத நிலையிலும், பார்ப்பவருக்கு உறவைச் சொல்லிவிடுவது அம்மெட்டுதான். இவ்வழிக்கு நீண்ட முகப்பு தேவையில்லை. ஒரே அடி மெட்டானாலும் அது பின்னர் மீளுமாயின் போதும். முகப்பு சுருங்கிய காலத்தில் மற்ற இரு வழிகளைவிட இவ்வழி நன்கு தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம்.

சுருங்கிய வரலாறு

முதலில் இடம் மாறியவை பெயர்கள். பழைய படப்பிடிப்பு நிலையங்களில் மாதச் சம்பளத் தொழிலாளர் பலர் இருந்தும், துறைத் தலைவர்களின் பெயர்களே திரைக்கு வந்தன. படம் ‘சுபம்’ அல்லது ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியே ஆள் சேர்க்கும் முறை வந்தது. பணிகளும் பிரிந்தன, ஒவ்வொருவரும் தம் பெயர் வர வேண்டும் என்று கேட்பது முறையாயிற்று. நூற்றுக்கணக்கான பெயர்களை முன்னே வைக்க முடியாமையால் அவை கடைசிக்குச் சென்றன. அமெரிக்காவில் 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ கலைஞர் பெயர்களை முன்னே போடாமலே கதைக்குள் நுழைந்தது. அதன் அடுத்த பகுதியிலும் ஜார்ஜ் லூக்கஸ் அவ்வாறே செய்ய, இயக்குநர் சங்கம் அபராதம் விதித்தது. அவர் சங்கத்திலிருந்தே விலகினார். பெயர் எங்கே வருவது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று, உழைப்பின் உரிமை பற்றியதும் ஆகும் என்பதற்கு இவ்வழக்கு சான்று.

அடுத்து இடம் மாறியது அழைக்கும் வேலை. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. பின்னர் ஒளிநாடாவும் வந்தது. தோட்டத்துக் குடும்பம் திடலுக்குப் போகாமல் வீட்டிலேயே படம் பார்த்தது. சிறிய திரையில் முகப்பின் பொடி எழுத்துகளைப் படிப்பதும் கடினம். ஒளிநாடாவை வேகமாக ஓட்டிவிடவும் முடிந்தது. பட்டணத்தில் பல அரங்க வளாகங்கள் எழுந்த பின், கூட்டம் அமர்வதற்கான நேரத்தை விளம்பரங்களும் முன்னோட்டங்களும் எடுத்துக்கொண்டன. படம் தொடங்கும்போது எல்லாரும் அமர்ந்துவிட்டதால் காத்திருக்க வேண்டிய தேவை ஒழிந்தது.

எஞ்சியது செவியைப் பழக்கும் வேலை. அதுவும் சில நொடிக்குள் சுருங்க முடியும் என்று தமிழ்ப்படத்தில் தெளிவாகக் காட்டியது 1992இல் வந்த ‘அண்ணாமலை’. சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய இப்படத்தில், புள்ளிகளால் ஆன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி ‘சூப்பர் ஸ்டார்’ என்றாகி, பின் ரஜினியின் பெயராக நிறைந்தன. தேவா அதற்குத் தாளக்கட்டும் குழுக்குரலும் கொண்ட சிற்றிசை அமைத்தார். 1962 முதல் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குழல் வழியே நாயகன் தோன்றும் சிறுகாட்சியே இதற்குத் தூண்டுகோல். இவ்வட்டை பின்வந்த பல ரஜினி படங்களிலும் தொடர்ந்தது.

இச்சிற்றிசையின் அமைப்பு முகப்பிசை மரபிலிருந்து வேறுபட்டது. முன்னர்ச் சொன்ன 18 ஆவர்த்தனக் கணக்கில் ஒரு மெட்டு தொடங்கி, வளர்ந்து, அடங்குவதற்கு இடமிருந்தது. இங்கே மெட்டு வளர நேரமில்லை. எழுத்துக்கு ஓர் அடி என்று தாளம் ஏறிக்கொண்டே போய்ப் பெயர் நிறைவுறும் இடத்தில் வெடிக்க வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய முகப்பிசை அந்தந்தப் படத்தின் கதையைச் சொன்னது. இது எந்தப் படத்திற்கும் பொருந்தும், ஏனெனில் அது நடிகரைச் சொல்கிறது. நூற்பெயரைவிடப் பெரிதாக ஒரு பெயரை நிறுத்திய பாயிரம் என்று இதனைக் கூறலாம்.

இவ்வாறு பெயர்ப்பட்டியல் சுருங்கினாலும், படத்தின் முன்பகுதி முழுவதும் சுருங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. தணிக்கைச் சான்றிதழ், பல கூட்டு நிறுவனங்களின் சின்னங்கள், நன்றி அறிவிப்புகள் ஆகியன முன்னே நிற்கின்றன. புகைபிடிக்கும் காட்சியுள்ள இந்தியப் படங்களில், தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் எச்சரிக்கைப் படம் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆக்கியோர் விட்டுக்கொடுத்த இடத்தில் முதலீட்டாளரும் சட்டமும் வந்து அமர்ந்துள்ளன.

தொடர்களும் கைப்பேசியும்

முகப்பின் நீளத்தை நிர்ணயிப்பது, பார்ப்பவர் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதே. இதனைச் சின்னத்திரைத் தொடர்கள் மெய்ப்பிக்கின்றன. திரைப்பட முகப்பு சுருங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1999இல் தொடங்கிய ‘சித்தி’யும் 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யும் நீண்ட முகப்புப் பாடல்களோடு வந்தன. இரண்டுக்கும் இசை தினா. பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். தொடர் தொடங்கும்போது வீட்டார் அடுக்களையிலோ முற்றத்திலோ இருப்பர். பாட்டு காதில் விழுந்ததும் கைவேலையை விட்டு வந்து அமர்வர். தோட்டத் திடலில் ஒலிபெருக்கி செய்த வேலையை இங்கே முகப்புப் பாடல் செய்தது.

கைப்பேசியில் பார்ப்பவரை அழைக்க வேண்டியதில்லை. படத்தைத் தொடக்கியவரே அவர்தாம். 2017இல் நெட்பிளிக்ஸ் முகப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானைக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் தன் சின்னத்திற்கு மட்டும் இரண்டே அடியில் முடியும் ஓசையை வைத்து, அதனைத் தன் சொந்தப் படைப்புகளுக்கு முன் ஒலிக்கச் செய்கிறது. சில நொடியில் முடிவதைத் தாண்டிச் செல்ல யாரும் முயல்வதில்லை.

மறைந்த பெயர்கள்

இம்மாற்றத்தில் இழந்தது எது? பழைய முகப்பில் பெயர்கள் குறைவு. ஆனால் வந்த பெயர்களைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. பள்ளிக்கூடம் அதிகம் செல்லாத தோட்டத்து மக்கள்கூடப் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் பெயர் சொல்லி அறிந்திருந்ததில், வானொலியோடு முகப்புக்கும் பங்குண்டு. அப்போதும் வயலினும் குழலும் வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் திரைக்கு வரவில்லை. ஏ. ஆர். ரகுமான் தம் இசைத்தொகுப்புகளின் உறையில் வாத்தியக் கலைஞர் பெயர்களைத் தனித்தனியே அச்சிட்டது அதனாலேயே பலரால் போற்றப்பட்டது. இன்று கடைசிப் பட்டியலில் அநேகமாக எல்லார் பெயரும் இடம்பெறுகிறது. ஆனால் அது ஓடும்போது அரங்கில் விளக்கு எரிந்து, மக்கள் வாயிலை நோக்கி நடக்கின்றனர். இணையத்திலோ அடுத்த படம் தானே தொடங்கிவிடுகிறது. முன்பு சிலருக்குப் பெயரும் அதைப் படிப்பவரும் இருந்தனர். இன்று எல்லாருக்கும் பெயர் உண்டு, படிப்பவர்தாம் இல்லை.

மலேசியத் தமிழ்ப்படங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தீபக் குமாரனின் ‘செம்மண் சாலை’, சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ போன்ற படங்களில் பணியாற்றிய நம் நாட்டவரின் பெயர்களை, நட்சத்திர அட்டை எதுவும் சுமந்து செல்லப்போவதில்லை. அப்பெயர்கள் இருப்பது கடைசிப் பட்டியலில். வகுப்பில் ஒரு படத்தைத் திரையிடும் ஆசிரியர், பட்டியல் முடியும்வரை விளக்கைப் போடாமல் இருந்தால், ஆக்கியோர் பெயர் அறிந்து நூலைக் கற்கும் பழைய முறை அங்கே தொடரும்.